ஒரு கிளிக்குக்கு 13 ரூபாய்: எப்போது பதற வேண்டும்?

தேடல் விளம்பரத்தில் நேற்று 12.10 ரூபாயாக இருந்த கிளிக் செலவு இன்று 13 ரூபாய். ஏழு சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது என்று உடனே ஏலத்தொகையைக் குறைப்பார்கள். மறுநாள் அதுவே தானாக 12.20-க்கு இறங்கியிருக்கும். குறைத்ததால்தான் இறங்கியது என்று நம்பிவிடுவோம். தேடல் விளம்பரம் பார்க்கும் குழுக்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது இது நடக்கும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு எல்லை போட்டு வரைபடத்தில் பார்க்கும் வழியை 1924-இல் பெல் நிறுவனப் பொறியாளர் வால்டர் ஷூவர்ட் தொழிற்சாலைக்காக வகுத்தார். விளம்பரக் கணக்குக்கும் அது அப்படியே பொருந்தும்.

எதையும் மாற்றாமல் விட்ட பத்து நாள் செலவை எடுத்துக்கொள்வோம்: 12.4, 11.8, 12.9, 12.1, 13.0, 12.2, 11.6, 12.5, 12.0, 12.5. சராசரி 12.30. அடுத்தடுத்த நாள்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கூட்டல் கழித்தல் குறி பாராமல் எழுதினால் ஒன்பது எண்கள் வரும். அவற்றின் சராசரி 0.74. அதை இந்த முறையின் நிலையான எண்ணான 2.66-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.98. ஆக மேல் எல்லை 14.28, கீழ் எல்லை 10.32. B பத்தியில் செலவும் C பத்தியில் வித்தியாசமும் இருந்தால் மேல் எல்லைக்கு இது போதும்:

```
=AVERAGE(B2:B11)+2.66*AVERAGE(C3:C11)
```

13 ரூபாய் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் தேடுவது வெட்டிவேலை.

எல்லையைத் தாண்டாமலும் மாற்றம் வரும். தொடர்ந்து எட்டு நாள் சராசரிக்கு மேலே, 12.6-க்கும் 13.2-க்கும் நடுவிலேயே நின்றால், ஒரு புள்ளிகூட 14.28-ஐத் தொடாவிட்டாலும் மட்டம் உயர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். கணக்கின் மாற்ற வரலாற்றையும் ஏலத்தில் புதிதாக வந்த போட்டியாளரையும் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். காரணம் உறுதியானால், மாறிய நாளிலிருந்து புது எல்லை போடுங்கள். பழைய நாள்களையும் சேர்த்து மொத்தத் திட்ட விலக்கம் கணக்கிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு: மாற்றமே விலக்கத்தைப் பெருக்கி, எல்லையை அகட்டி, தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் செலவு சரிகிற கணக்கிலும் எல்லைகள் இப்படித்தான் அகன்று பயனற்றுப் போகும். அங்கே வார நாள்களுக்குத் தனி வரைபடம் வையுங்கள்.

கிளிக் குறைவான பிரச்சாரத்தில் தொல்லை வேறு. ஒரு நாளில் 15 கிளிக். 13 கிளிக் 12.30 வீதம், இரண்டு மட்டும் தலா 60 ரூபாய். அன்றைய சராசரி 18.66! சந்தை எதுவும் மாறவில்லை, இரண்டே கிளிக்கின் வேலை. இத்தகைய பிரச்சாரத்துக்கு வாரச் செலவை வாரக் கிளிக்கால் வகுத்து, வாரத்துக்கு ஒரு புள்ளி வைப்பதே சரி. தினசரிச் சராசரிகளுக்கு மறுபடி சராசரி எடுத்தால் கிளிக் குறைந்த நாளுக்கும் சம எடை கிடைத்து, அந்த 18.66 மறுபடி உள்ளே வந்துவிடும்.