முப்பது வினாடி

முதல் தடவை வாசித்தபோது 34 வினாடி.

இன்று டர்பனில் ஒரு சின்ன ஸ்டுடியோ. மசாலாத்தூள் விளம்பரம், தமிழில்; முப்பது வினாடிக்குள் முடிய வேண்டும். வேகமாக வாசித்தேன், 30 வந்துவிட்டது. கேட்டுப் பார்த்தால் குரலில் இருந்த அன்பு போய்விட்டது, கடைசியில் வரும் பொருளின் பெயரும் தேய்ந்துவிட்டது.

பெயர் இரண்டு சொல். முதல் சொல் ‘மா’ என்று முடிகிறது, அடுத்தது ‘ம’வில் தொடங்குகிறது. அவசரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு புதிதாக ஏதோ ஒரு சொல்லாகக் கேட்டது. வாங்குகிறவர் கடையில் எதைக் கேட்பார்?

அதனால் வேகத்தை விட்டுவிட்டு வார்த்தைகளைக் குறைத்தேன். “தரமான, சுவையான, மணமான” என்பதில் ‘மணமான’ மட்டும் போதும். இன்னும் ஒரு வரியையும் எடுத்தேன். பெயருக்கு முன்னால் பென்சிலால் ஒரு கோடு: அங்கே சின்ன நிறுத்தம். இரண்டு சொல்லுக்கும் நடுவில் அரை மூச்சு. பாதியில் வரும் வரியின் ஓரத்தில் 15 என்று குறித்தேன். அங்கே 17 ஆகிவிட்டால் பின்பாதியில் ஓட வேண்டியிருக்கும், திரும்ப ஆரம்பிப்பதே நல்லது.

அப்புறம், அக்கா எதிரே உட்கார்ந்து குழம்பு கொதிப்பதைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். உதடு தானாக விரிந்தது. அது குரலில் கேட்கும்.

29 வினாடி. மிச்சம் ஒரு வினாடியில் பெயரின் கடைசி எழுத்து முழுதாக ஒலித்து அடங்கியது.