ரத்து செய்த பிறகும் போன 2,999 ரூபாய்

மகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஆப் ஒன்று, ஏழு நாள் இலவசம். கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டேன், சரிபார்ப்புக்கு என்று 2 ரூபாய் எடுத்தார்கள். கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஓடிபி என்று நினைத்திருந்தேன். வருடா வருடம் பணம் எடுத்துக்கொள்ள நான் கொடுத்த இ-மேண்டேட் என்ற அனுமதிக்கும் அதுவேதான் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். மூன்றே நாளில் மகளுக்கு அலுத்துவிட்டது. வியாழன் இரவு ரத்து செய்ய உட்கார்ந்தேன். முதலில் பாதி விலைக்குத் தருகிறோம் என்றது, அப்புறம் காரணம் கேட்டது, அதற்கப்புறம் பெரிய பச்சை பட்டனில் ‘Pause’. உண்மையான ரத்து அதற்குக் கீழே, பட்டன் மாதிரியே இல்லாத சாம்பல் நிற எழுத்தில் இருந்தது. அதை அழுத்தியதும் திட்டம் ஞாயிறோடு முடிகிறது என்று ஒரு பக்கம் வந்தது. மனைவியிடம் காட்டுவதற்காக அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஓசூரில் அக்கா வீட்டில் இருந்தபோது வங்கியிடமிருந்து எஸ்எம்எஸ்: நாளை 2,999 ரூபாய் எடுக்கப்படும், வேண்டாமென்றால் இந்த இணைப்பு. ரத்து செய்தாயிற்றே, தானாகப் போன பழைய செய்தியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் தப்பு அங்கேதான். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் இந்தத் தகவல் வர வேண்டும். அது வருகிறதென்றால், ஆப்பில் என்ன எழுதியிருந்தாலும் நாளைக்குப் பணம் எடுக்க அவர்கள் தயார் என்று அர்த்தம். அந்த இணைப்பைத் தொட்டு நிறுத்தியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். 15,000 ரூபாய் வரை எடுக்கும்போது திரும்ப ஓடிபி கேட்க மாட்டார்கள். ஞாயிறு காலை பணம் போய்விட்டது.

பெங்களூரு திரும்பியதும் வங்கிக்கு போன் போட்டேன். “இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை” என்று சொன்னதுதான் தாமதம், மோசடி என்று பதிவு செய்து கார்டையே முடக்கிவிட்டார்கள். மின்கட்டணம், மெட்ரோ ரீசார்ஜ் எல்லாம் அந்தக் கார்டில்தான்! பத்து நாள் கழித்து புகார் நிராகரிப்பு: ஓடிபி போட்டுத்தான் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்.

அல்சூரில் எங்கள் மாடி வீட்டில் இருப்பவர் வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் புலம்பினேன்.

“தம்பி, ஓடிபி போட்டது நீங்கதானே?”

“ஆமா சார்.”

“அப்ப மோசடின்னு சொன்னா எப்படி நிக்கும்? ரத்து பண்ணின சந்தாவுக்குப் பணம் எடுத்துட்டாங்கன்னு போடுங்க. அதுக்குத் தனிக் காரணம் இருக்கு.”

கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக் படிவத்தில் அப்படி ஒரு வரி நிஜமாகவே இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் வங்கி கேட்பது வேறு: எப்போது ரத்து செய்தீர்கள், அதற்கு என்ன ஆதாரம், நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டீர்களா. வியாழன் இரவு 10.40 மணி என்று காட்டும் அந்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்தேன். நிறுவனத்துக்கு எழுதியதற்கு “கட்டணம் திருப்பித் தரப்படாது” என்று ஒற்றை வரியில் பதில் வந்திருந்தது. எரிச்சலூட்டிய அந்த வரியே, கேட்டேன், மறுத்தார்கள் என்பதற்குச் சாட்சி ஆனது. கடிதத்தில் கோபம் எதையும் காட்டவில்லை, தேதிவாரியாக ஆறு வரிதான்.

ஒரு வாரத்தில் 2,999 ரூபாய் தற்காலிகமாக வரவு வைக்கப்பட்டது. நிறுவனம் ஆதாரத்தோடு எதிர்த்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதால் தொடவில்லை. சுமார் ஆறு வாரத்தில் உறுதியானது என்று செய்தி வந்தது. வங்கி 30 நாளில் பதில் சொல்லாமலோ நியாயமில்லாமல் மறுத்தோ இருந்தால் அடுத்தது ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் புகார். அதற்குத் தேவை வரவில்லை.

இடையில் மாடி வீட்டுக்காரர் சொன்ன இன்னொன்றையும் செய்தேன். வங்கி ஆப்பில் இ-மேண்டேட் என்ற பகுதிக்குப் போனால் நம் கார்டில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பட்டியலே இருக்கிறது. ஓவிய ஆப் அங்கே இன்னும் ‘Active’. ஆப்பில் ரத்து செய்ததை இவர்கள் வங்கிக்குச் சொல்லவே இல்லை. அதற்குக் கீழே, போன வருடமே போனிலிருந்து நீக்கிவிட்ட ஒரு செய்தி ஆப்பும் ‘Active’ என்றே இருந்தது. ஆப்பை நீக்கினால் சந்தா போய்விடும் என்று நினைத்திருந்தவன் நான். இரண்டையும் ரத்து செய்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓடிபி கேட்டது.