விருட்சாசனம்: என் போட்டோவையும் டீச்சர் போட்டோவையும் ஒப்பிட்டபோது

ஐந்து வாரம் நான் இடது முட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தேன். விருட்சாசனத்தில் வலது காலில் நின்று, இடது பாதத்தை வலது தொடையின் உள்பக்கம் வைத்தால், டீச்சருக்கு மடக்கிய முட்டி நேராகப் பக்கவாட்டில் போகிறது, எனக்கு முன்பக்கமாக வருகிறது. என் போட்டோவையும் அவர் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கண்ணில் பட்ட ஒரே வித்தியாசம் அதுதான். சரி, அதைத் திருத்தினால் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஐந்தாவது வாரத்தில் நிற்கும் காலின் இடுப்புக்கு வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது, மடக்கிய முட்டியின் உள்பக்கமும் இழுத்தது. முட்டியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு, டீச்சரிடம் போட்டோக்களைக் காட்டினேன்.

அவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "போனை எங்க வச்சு எடுத்தீங்க?" என்பதுதான். தரையில், சுவரில் சாய்த்து, ஒன்றரை மீட்டர் தள்ளி என்றேன். "அப்ப இந்தப் படத்துல இடுப்பைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

எனக்கு அது உடனே புரியவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் என் இடுப்பு அருமையாகச் சமமாக இருந்தது. இரண்டு இடுப்பு எலும்பு முனைகளையும் (பேன்ட் பட்டை போகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் கையில் தட்டுப்படுமே, அவை) ஒரு கோட்டால் சேர்த்தால் சாய்வு 2 டிகிரிதான் வந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் கணக்கு பிடிபட்டது. கேமரா தரையிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும்போது, ஒரே உயரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளில் தூரத்தில் இருப்பது படத்தில் கீழே தெரியும். முட்டியைப் பின்னால் தள்ளத் தள்ள என் இடுப்பும் சேர்ந்து திரும்பி, இடது எலும்பு முனை பின்னால் போய்விட்டது. அந்த முனைகளுக்கு இடையே சுமார் 24 சென்டிமீட்டர், இடுப்பு 15 டிகிரி திரும்பினால் ஒரு முனை மற்றதைவிட 6 சென்டிமீட்டர் பின்னால் நிற்கும். கேமராவைவிட 80 சென்டிமீட்டர் உயரத்தில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும்போது அந்த 6 சென்டிமீட்டர், படத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் கீழிறங்கியதாகத் தெரியும். சாய்வாகச் சொன்னால் ஏறக்குறைய 8 டிகிரி. அதாவது என் இடது இடுப்பு உண்மையில் மேலே தூக்கியிருந்தது, கேமராவின் கோணம் அதைக் கீழே இழுத்துச் சமமாகக் காட்டியது. ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துவிட்டது.

அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தோம். டீச்சர் அவருடைய பழைய படத்தை ஒதுக்கிவிட்டு, என் படம் எடுக்கும் அதே இடத்தில், அதே ட்ரைபாடுக்கு முன்னால் தானே நின்றார். ஒப்பிடுவதற்கான மாதிரிப் படம் எங்கிருந்தோ எடுத்ததாக இருந்தால், அந்தக் கேமரா எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. தெரியாத கோணத்தில் எடுத்த படத்தோடு டிகிரிக் கணக்கில் ஒப்பிடுவதில் பொருளே இல்லை, பொதுவான உருவத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் உதவும்.

போனை இடுப்பு உயரத்தில் வைத்தோம், மூன்று மீட்டர் தள்ளி, அகலமாகக் காட்டும் 0.5x லென்ஸ் இல்லாமல் 1x லென்ஸில், ஆள் படத்தின் நடுவில் வரும்படி. பின்பக்கக் கேமராதான், ஏனென்றால் செல்ஃபி கேமரா சில போன்களில் இடம் வலம் மாற்றிச் சேமித்துவிடுகிறது. என் பழைய படம் அப்படித்தான் மாறியிருந்தது, எந்தக் காலில் நிற்கிறேன் என்பதிலேயே ஒரு நாள் குழம்பினேன். டீச்சரும் என்னைப் போலவே வலது காலில் நின்றார். பக்கத்தில் ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டோம். போன் லேசாகச் சாய்ந்திருந்தாலும், அந்த நூலைப் பார்த்துப் படத்தைத் திருப்பி நிமிர்த்திக்கொள்ளலாம். இது மிக முக்கியம், 3 டிகிரி சாய்ந்த போன் 3 டிகிரி சாய்ந்த இடுப்பைத் தானாக உண்டாக்கிவிடும்.

எலும்பு முனையை எப்படிக் குறிப்பது என்பதில் ஒரு தடவை தடுக்கினோம். முதலில் பேன்டின் மேல் சின்ன டேப் துண்டுகளை ஒட்டினேன். காலைத் தூக்கியதும் துணி நகர்ந்து, டேப் எலும்பை விட்டு இரண்டு விரல் மேலே போய்விட்டது. அப்புறம் டேப்பை விட்டுவிட்டு, ஆசனத்தில் நின்ற பிறகு கைகளை இடுப்பில் வைத்து, இரண்டு ஆள்காட்டி விரல் நுனியாலும் எலும்பைத் தொட்டுக்கொண்டு படம் எடுத்தோம். விரல் நுனிதான் புள்ளி. கைகளை மேலே தூக்கும் முழு ஆசனம் இல்லைதான், ஆனால் இடுப்பைப் பார்க்க இதுவே தெளிவாக இருந்தது.

என் புதுப் படத்தில் இடுப்பின் இரண்டு புள்ளிகளும் (612, 1410), (868, 1365) என்று வந்தன. படங்களில் இரண்டாவது எண் கீழே போகப் போகக் கூடும், அதனால் 1365 தான் மேலே இருக்கும் புள்ளி, அது என் இடது பக்கம், தூக்கிய காலின் பக்கம். விரிதாளில் இதைப் போட்டேன்:

```
=DEGREES(ATAN((1410-1365)/(868-612)))
```

விடை 9.97. தரையில் வைத்த போன் 2 என்று காட்டிய அதே இடுப்பு, உண்மையில் 10 டிகிரி சாய்ந்திருந்தது. டீச்சருக்கு 2. ஒரே படத்தில் மறுநாள் திரும்பப் புள்ளி வைத்துப் பார்த்தேன், என் சொந்தக் குறியீட்டிலேயே 2 டிகிரி வரை முன்பின் மாறுகிறது. அதனால் அவருடைய 2-ஐச் சமம் என்றே எடுத்துக்கொள்ளலாம், என்னுடைய 10-ஐ அப்படி ஒதுக்க முடியாது. கோடு போடாமலே தெரியும் ஓர் அடையாளமும் படத்தில் இருந்தது: சட்டையில் இடது இடைப் பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம். அந்தப் பக்கம் இடை குறுகி, இடுப்பு விலா எலும்பை நோக்கி ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நிற்கும் கால். இங்கேதான் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்யப் போனேன். கணுக்காலின் நடுவிலிருந்து வலது இடுப்புப் புள்ளிக்கு ஒரு கோடு போட்டு, செங்குத்திலிருந்து அது எவ்வளவு வெளியே சாய்கிறது என்று அளந்தேன், 14 டிகிரி. கால் நேராக நிற்க வேண்டும், ஆக 14 டிகிரியும் பிழை என்று எழுதி வைத்தேன். டீச்சர் படத்தையும் அளந்தபோது அங்கே 9. அவர் ஆடாமல் அசையாமல் நிற்கிறார், அவருக்கு ஏன் பூஜ்யம் வரவில்லை?

வர முடியாது என்பதுதான் பதில். இரண்டு காலில் நிற்கும்போது உடலின் எடை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறங்குகிறது. ஒரு காலைத் தூக்கியதும், அந்த எடை முழுக்க மிச்சமிருக்கும் ஒரே பாதத்துக்கு மேல் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விழுவோம். பாதம் உடலின் நடுக்கோட்டுக்குக் கீழே வருகிறது, இடுப்பு எலும்பு முனையோ நடுக்கோட்டிலிருந்து 12 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது. ஆகவே பாதத்திலிருந்து மேலே போகும் கோடு வெளிப்பக்கம் சாய்ந்துதான் போகும். போதாததற்கு, பக்கவாட்டில் மடக்கிய காலின் எடை இடது பக்கம் இழுக்கிறது, அதை ஈடுகட்ட இடுப்பு இன்னும் கொஞ்சம் வலது பக்கம் நகர வேண்டும். டீச்சரின் படத்தில் பாதத்தின் நடுவிலிருந்து நூலுக்கு இணையாக ஒரு கோடு மேலே இழுத்தால், தொப்புள் அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரல் அளவு நிற்கும் கால் பக்கமாகவே இருந்தது. அந்த 9 டிகிரி சமநிலைக்குத் தேவையானது. பூஜ்யமாக்க நான் முயன்றிருந்தால் இடது பக்கம் சரிந்திருப்பேன். என் பிழை 14 இல்லை, கூடுதலாக இருந்த 5 டிகிரி மட்டும்.

அந்த 5 டிகிரி எங்கிருந்து வந்தது என்பதும் அதே செங்குத்துக் கோட்டில் தெரிந்தது. என் தொப்புள் கோட்டுக்கு வலது பக்கம் நன்றாக வெளியே, முகவாய் கோட்டுக்கு இடது பக்கம். இடுப்பு ஒரு பக்கம், தலை மறு பக்கம். மொத்தத்தில் எடை பாதத்துக்கு மேல்தான் இருக்கிறது, அதனால் விழவில்லை, ஆனால் வளைந்து நின்று அதைச் சாதித்திருக்கிறேன். இடது பாதம் தொடையை அழுத்துகிறது, தொடை திருப்பி அழுத்தாமல் வெளியே நழுவுகிறது, வலித்ததும் அதே இடம்தான்.

டீச்சர் சொன்ன திருத்தம் எளிமையானது. "முட்டியை விட்டுடுங்க. பாதத்தைக் கெண்டைக்காலுக்கு இறக்குங்க, முட்டி மேல மட்டும் வைக்காதீங்க. இடுப்பு சமமா இருக்கிற வரைக்கும் முட்டி எங்க போகுதோ அங்கேயே இருக்கட்டும்." தொடை இடுப்புக் குழியில் எவ்வளவு வெளியே திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் எலும்பு அமைப்பிலேயே வேறுபடும். என் தொடை திரும்பும் எல்லை முடிந்த பிறகும் முட்டியைத் தள்ளியதால், மிச்சத் திருப்பத்தை இடுப்பு எடுத்துக்கொண்டது. நேர் எதிரே எடுத்த படத்தில் முட்டியின் திருப்பத்தை அளக்கவும் முடியாது, முன்னால் வரும் தொடை குட்டையாகத் தெரியுமே தவிர, கோணம் கிடைக்காது. இவ்வளவு நாளும் மாதிரிப் படத்தில் நான் பின்பற்றக் கூடாத ஒரே கோட்டைத்தான் பின்பற்றியிருக்கிறேன்.

பாதத்தை இறக்கி மூன்று வாரம் கழித்து, அதே ட்ரைபாட், அதே நூல். இடுப்புச் சாய்வு 3 டிகிரி, கால் சாய்வு 10. முட்டி முன்பு இருந்ததைவிட இன்னும் முன்னால் வந்திருக்கிறது. சட்டைச் சுருக்கம் இல்லை, வெளி இடுப்பு வலியும் போய்விட்டது.

ஒரு படம் ஒரு நொடியைத்தான் காட்டும் என்பதால், கடைசியாக 20 நொடி நிற்கும்போது இரண்டு நொடிக்கு ஒன்றாகப் பத்துப் படம் எடுத்தேன். முதல் ஆறில் தொப்புள் அதே இடத்தில் நிற்கிறது. ஏழாவதிலிருந்து வலது பக்கம் நகர்கிறது, கால்விரல்கள் தரையைக் கவ்வுகின்றன, கணுக்காலின் முன்பக்கத் தசைநாண் புடைத்துத் தெரிகிறது. அதனால் இப்போதைக்கு 12 நொடியில் காலை இறக்கிவிடுகிறேன். இடது காலில் நின்று இன்னும் அளக்கவில்லை, அடுத்த வாரம் டீச்சரையும் அந்தப் பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.