வினையே நடக்காமல் வினைபொருள் தீர்ந்த கதை: ஒரு கீட்டோனைக் காப்பாற்றிய அனுபவம்

முதுகலை ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த இலக்கு மூலக்கூறு 4,4-டைபினைல்-3-பியூட்டீன்-2-ஓன். சிறியதுதான். ஒரு முனையில் மெத்தில் கீட்டோன், அதையடுத்து இரட்டைப் பிணைப்பு, அதன் மறுமுனைக் கார்பனில் இரண்டு பினைல் தொகுதிகள். இதற்கு மூன்று வாரம் போயிற்று. அதில் இரண்டு வாரம் வீணானதற்குக் காரணம், கீட்டோனைச் சரியாகக் காக்காமலேயே வேலையைத் தொடங்கியதுதான்.

தாளில் பின்னோக்கிப் போவது கடினமாக இல்லை. இரட்டைப் பிணைப்பில் நீரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மூவிணைய ஆல்கஹால் கிடைக்கிறது. அதை ஆல்டால் வழியில் துண்டித்தால் பென்சோபினோனும் அசிட்டோனும் வரும். பார்க்க அழகான துண்டிப்பு, ஆனால் பயனில்லை. இரண்டு வளையங்களுக்கு நடுவே இருக்கும் பென்சோபினோனின் கார்பனைல் மந்தமானது. அசிட்டோன் தன்னோடு தானே வினைபுரியவே விரும்பும். ஆல்கஹால் உருவானாலும் காரத்தில் அது திரும்ப உடைந்துவிடும். அதனால் பினைல் பிணைப்புகளைத் துண்டித்தேன். ஒரே கார்பனில் ஒரே மாதிரியான இரண்டு தொகுதிகளும் ஹைட்ராக்சிலும் இருந்தால், அங்கே முன்பு ஓர் எஸ்டர் இருந்தது என்று கொள்ளலாம். முதல் பினைல் சேர்ந்ததும் எஸ்டர் கீட்டோனாகும். அந்தக் கீட்டோன் எஸ்டரைவிட வேகமானது என்பதால் இரண்டாவது பினைலும் உடனே சேர்ந்துவிடும். ஆக, எத்தில் அசிட்டோஅசிட்டேட்டும் பினைல் மெக்னீசியம் புரோமைடு என்ற கிரிக்னார்டு வினைபொருளும் போதும் என்று முடிவு செய்தேன்.

ஈதரில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தபோது குடுவை சூடேறி, ஈதர் தானாகக் கொதித்தது. வினை நடக்கிறது என்று மகிழ்ந்தேன். பிரித்தெடுத்துப் பார்த்தால் பென்சீனும், போட்ட எத்தில் அசிட்டோஅசிட்டேட்டும் அப்படியே இருந்தன.

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அக்காவிடம் காட்டினேன். "தம்பி, எஸ்டருக்கு முன்பே கீட்டோன் முந்திக்கொள்ளும் என்று யோசிக்கவில்லையா? இரண்டு கார்பனைல்களுக்கு நடுவில் இருக்கிற ஹைட்ரஜனைப் பார்த்தாயா?" என்றார். அந்த ஹைட்ரஜனின் pKa ஏறக்குறைய 11. கிரிக்னார்டு கார்பனைலைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடுங்கிக்கொண்டு பென்சீனாகிவிட்டது. சூடு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

கீட்டோனை எத்திலீன் கிளைக்காலால் கீட்டாலாக மாற்றினால் இரண்டு சிக்கலும் ஒரேயடியாகத் தீரும். கீட்டோன் மறைந்துவிடும், நடுவிலிருக்கும் ஹைட்ரஜனும் அமிலத்தன்மையை இழந்துவிடும். எஸ்டர் மட்டும் திறந்திருக்கும். ஏன் இந்த வளையக் கீட்டால்? திறந்த டைமெத்தில் கீட்டால் லேசான அமிலத்துக்கே உடையும். கந்தக வளையமான டைதயோலேன் உறுதியானதுதான், ஆனால் அதைக் கழற்றப் பாதரச உப்பு போன்றவற்றைத் தேட வேண்டும், நாற்றம் வேறு. எனக்குக் கடைசியில் அமிலம் எப்படியும் தேவை. கீட்டாலைக் கழற்றும் அதே அமிலம் நீரையும் நீக்கிவிடும் என்பதால் இந்தக் காப்புத் தொகுதி மிகப் பொருந்தியது.

இரண்டாம் முறை அவசரத்தில் கெட்டது. 13 கிராம் எத்தில் அசிட்டோஅசிட்டேட், அதாவது 0.1 மோல். டொலுயீனில், சிறிது பாரா-டொலுயீன் சல்போனிக் அமிலத்துடன் காய்ச்சினால் டீன்–ஸ்டார்க் குழாயில் சுமார் 1.8 மி.லி. நீர் சேர வேண்டும். 1.3 மி.லி. சேர்ந்ததும் நிறுத்திவிட்டேன், சரியாகக் கழுவவும் இல்லை. எஞ்சிய எஸ்டரும் கிளைக்காலும் கிரிக்னார்டில் ஒரு பெரும் பங்கை விழுங்கிவிட்டன. ஒரு கிளைக்கால் மூலக்கூறு இரண்டு கிரிக்னார்டைக் கொல்லும் என்பதை மறக்கவே கூடாது.

மூன்றாம் முறை நீர்மட்டம் ஏறுவது நிற்கும்வரை காத்திருந்தேன். ஆறியதும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவினேன். வினைபுரியாத எஸ்டர் உப்பாகி நீரோடு போய்விடும், கிளைக்காலும் கூடவே போகும். பிறகு அக்கா சொல்லிக்கொடுத்த சோதனை: கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விளைபொருள், சிறிது எத்தனால், ஒரு சொட்டு ஃபெர்ரிக் குளோரைடு. அசிட்டோஅசிட்டேட் இருந்தால் ஈனால் வடிவத்தால் ஊதா கலந்த சிவப்பு வரும். என் தட்டில் ஃபெர்ரிக் குளோரைடின் வெளிர்மஞ்சள் மட்டுமே இருந்தது. அந்த மஞ்சளை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தச் சோதனையை முடிக்காமல் யாரும் மெக்னீசியத்தைத் தொட வேண்டாம்.

கிரிக்னார்டு வினை இம்முறை ஒழுங்காக முடிந்தது. அதை அமிலம் ஊற்றி நிறுத்தாமல் அம்மோனியம் குளோரைடு கரைசலால் நிறுத்தினேன். கீட்டாலுடன் ஆல்கஹாலைத் தனியே பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போக அதுவே வசதி. பின்னர் அசிட்டோனில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினேன். புரோட்டான் நிறமாலையில் 4-க்கு அருகே இருந்த கீட்டால் உச்சி மறைந்து, 6.6-க்கு அருகே ஒரே ஒரு ஹைட்ரஜனுக்கான ஒற்றை உச்சி எழுந்திருந்தது. இரட்டைப் பிணைப்பின் ஹைட்ரஜன் அது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.