வாரந்தோறும் தானியங்கிப் பேக்கப்: ஓடியதா என்று உறுதி செய்யும் வழி

வார நாள்களில் ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் ஒரு பி.ஜி.யில் தங்கிக் கட்டடப் பணியிடத்துக்குச் செல்லும் நான், சனிக்கிழமை மாலைதான் அல்சூரில் உள்ள வீட்டுக்குத் திரும்புவேன். பி.ஜி.யின் வைஃபை ஒரு படத்தை அனுப்பவே திணறும். மொபைல் டேட்டாவில் பணியிடப் படங்களை ஏற்ற எனக்கு மனமில்லை. ஆகவே வாரம் ஒருமுறை, வீட்டு வைஃபையில் மட்டும், நான் கைவைக்காமலேயே ஆண்ட்ராய்டு தொலைபேசியின் படங்கள் கிளவுடுக்குப் போக வேண்டும் என்பதே என் தேவையாக இருந்தது.

கூகுள் போட்டோஸ் செயலியின் பேக்கப் வைஃபை கிடைக்கும்போதெல்லாம் தானாக ஓடுவது. கிழமையும் நேரமும் குறித்துக் கொடுக்கும் வசதி அதில் இல்லை. மேலும், பேக்கப் ஆன படத்தை அச்செயலியில் நீக்கினால் கிளவுடிலுள்ள பிரதியும் சேர்ந்தே குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். தொலைபேசியில் இடம் போதாமல் அடிக்கடி படங்களை நீக்கும் எனக்கு இது ஒத்துவரவில்லை. எனவே FolderSync என்ற செயலியை நிறுவி, கூகுள் டிரைவில் என் கணக்குடன் இணைத்தேன்.

இச்செயலியில் தொலைபேசியின் ஒரு கோப்புறையையும் கிளவுடின் ஒரு கோப்புறையையும் இணைத்து ஒரு ஜோடியாக்க வேண்டும். கேமராவில் எடுக்கும் படங்கள் `DCIM/Camera` என்ற கோப்புறையில் இருக்கும். ஆனால் மேஸ்திரியும் ஒப்பந்தக்காரரும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் அங்கே வருவதில்லை. அவை வேறோர் ஆழத்தில் கிடக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images
```

இதற்கென இரண்டாவது ஜோடி ஒன்றை அமைக்க வேண்டும். அதன் பிறகு, கோப்புகள் தொலைபேசியிலிருந்து கிளவுடுக்கு மட்டும் போகும் ஒருவழிப் போக்கைத் தேர்ந்தெடுத்து, நீக்கங்களையும் பின்பற்றும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். எல்லா அமைப்புகளிலும் நான் மிகவும் கவனமாகப் பார்ப்பது இதைத்தான், ஏனெனில் நீக்கமும் பிரதியெடுக்கப்பட்டால் அது தொலைபேசியின் நிழலாக இருக்குமே தவிர பேக்கப்பாக இருக்காது.

அட்டவணையில் சனிக்கிழமை இரவு 11 மணி என்று வைத்து, வீட்டு வைஃபை இருக்கும்போது மட்டும், சார்ஜ் ஏறும்போது மட்டும் என்ற இரு நிபந்தனைகளையும் சேர்த்தேன். சார்ஜ் நிபந்தனையால் இன்னொரு நன்மையும் உண்டு: தொலைபேசி சும்மா கிடக்கும்போது செயலிகளை உறங்க வைக்கும் ஆண்ட்ராய்டின் ஏற்பாடு, சார்ஜர் செருகியிருக்கும்போது செயல்படுவதில்லை. ஆயினும் சில நிறுவனங்களின் தொலைபேசிகளில் இதற்கு மேலும் ஒரு பேட்டரிக் கண்காணிப்பு இருக்கும் என்பதால், அமைப்புகளில் இச்செயலிக்கான பேட்டரிப் பகுதியைத் திறந்து, கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்த நாள் காலை செயலியின் பதிவேட்டைத் திறந்தபோது, சனிக்கிழமைக்கான வரியே அதில் இல்லை. பிழை என்றோ தோல்வி என்றோ எழுதியிருந்தால் காரணத்தைத் தேடலாம்; வேலை தொடங்கவே இல்லை என்றால் செயலி எந்த அறிவிப்பும் தராது. குறிப்பிட்ட வைஃபை பெயரில் மட்டும் ஓட வேண்டும் என்று நான் கேட்டிருந்ததால், இருப்பிட வசதியை முதலில் சோதித்தேன். இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைப் படிக்கச் செயலிக்கு இருப்பிட அனுமதி தேவை. அதுவும் எப்போதும் என்ற நிலையில் வேண்டும். இருப்பிடப் பொத்தானும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவை எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில் காரணம் கூடத்தில் கிடைத்தது: அப்பா படுக்கப் போகுமுன் ரவுட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவது வழக்கம். "எல்லாரும் தூங்குற நேரத்துல அது எதுக்குப்பா எரியணும்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததால், அட்டவணையை இரவு 9 மணிக்கு மாற்றி, சாப்பிட உட்காரும்போது தொலைபேசியைச் சார்ஜில் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

வேலை ஓடியதாகப் பதிவேட்டில் வரி வந்த பிறகும், வெற்றி என்ற சொல்லை மட்டும் நம்பலாகாது. தவறான கோப்புறையைக் காட்டியிருந்தாலும், அங்கே புதிதாக ஒன்றும் இல்லாததால், வெற்றி, அனுப்பிய கோப்புகள் 0 என்றே பதிவாகும். பணியிடத்தில் வாரம் முழுவதும் படம் எடுத்த ஒருவருக்கு 0 என்பது வெற்றி ஆகாது. எனவே நான் முதலில் பார்ப்பது எண்ணிக்கையை. ஒரு வாரத்தில் கேமராப் படங்கள் 200 எடுத்திருந்தால், அனுப்பியதும் அதற்கு ஒத்து வர வேண்டும். படம் ஒன்றுக்குச் சராசரியாக 4 எம்பி என்றால் மொத்தம் சுமார் 800 எம்பி. பதிவேட்டில் சில எம்பி மட்டுமே காணப்பட்டால், வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, அதே ஜோடியை உடனே கையால் மீண்டும் ஒருமுறை ஓடவிடுகிறேன். செயலி இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் போயிருந்தால் இம்முறை அனுப்ப ஒன்றும் இருக்காது. முதல் ஓட்டத்தில் 200, இரண்டாவதில் 0, பிழை எதுவும் இல்லை என்று வந்தால்தான் கணக்கு நேராகிறது. டிரைவில் ஒரு கோப்புறையில் எத்தனை கோப்புகள் உள்ளன என்று எளிதில் தெரியாததால் இந்த வழியை வைத்துக்கொண்டேன்.

இவை இரண்டும் செயலி தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியங்கள். ஆகவே மூன்றாவது சோதனையை வேறொரு கருவியில்தான் செய்ய வேண்டும். திங்கட்கிழமை அலுவலகக் கணினியில் drive.google.com பக்கத்தைத் திறந்து, கோப்புறையைப் பெயர் வரிசையில் அடுக்குகிறேன். என் தொலைபேசி `20250614_183045.jpg` போலத் தேதியும் நேரமும் சேர்த்துப் பெயரிடுவதால், கடைசியில் நிற்பது சனிக்கிழமை நான் எடுத்த கடைசிப் படமாக இருக்க வேண்டும். அதைத் திறந்து முழு அளவில் பார்த்து, விவரங்களில் காணும் கோப்பின் அளவைத் தொலைபேசியில் உள்ள அளவோடு ஒப்பிடுகிறேன். வாட்ஸ்அப் கோப்புறையிலும் ஒரு படத்தை இப்படியே பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. மறந்துவிடாமலிருக்கத் திங்கட்கிழமை காலைக்குத் தொலைபேசி நாட்காட்டியில் நினைவூட்டல் ஒன்றை வைத்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. வெள்ளிக்கிழமை பேருந்தில் தொலைபேசி களவு போனால் அந்த வாரப் படங்களும் அதனோடு போய்விடும். அதனால் அளவுக் குறிப்புகள் உள்ள முக்கியப் படங்களை அன்றன்றே டேட்டாவில் அனுப்பிவிடுகிறேன். மற்றொன்று இடம்: கூகுளின் இலவச 15 ஜிபி, டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே தரப்படுவது. வாரம் 800 எம்பி என்றால், மின்னஞ்சல்கள் எதுவுமே இல்லாத கணக்கானாலும், நான்கு மாதங்களுக்குச் சற்று மேல்தான் தாங்கும். அது நிரம்பியபின் படங்கள் ஏறாததோடு, அந்தக் கணக்குக்கு மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். எனவே பணியிடப் படங்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டு, திங்கட்கிழமைச் சோதனையின்போது டிரைவின் ஓரத்தில் காணும் பயன்பாட்டு அளவையும் பார்த்துக்கொள்கிறேன். 12 ஜிபியைத் தாண்டியதும் முடிந்துபோன பணியிடங்களின் படங்களை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கி, அவை அங்கே திறக்கின்றன என்று பார்த்த பிறகே, தொலைபேசியிலும் டிரைவிலும் நீக்குகிறேன். தொலைபேசியில் விட்டுவைத்தால் அடுத்த சனிக்கிழமை அவை மறுபடியும் ஏறிவிடும்.