350 என்று சொல்லும் ஓவன்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கேக் மாவு மட்டும்தான் கலக்குவோம். மாவு ஊற்றிய டின்னில் பெயர்ச் சீட்டு ஒட்டி பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், சாயங்காலம் சுட்டுத் தருவார்கள். சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதெல்லாம் பேக்கரி அண்ணனின் பாடு. கனடாவில், ஸ்கார்பரோவில் வாடகைக்கு வந்த வீட்டில்தான் முதன்முதலாக எனக்கென்று ஒரு ஓவன் இருந்தது. பழைய மின்சார ஓவன், கதவில் கண்ணாடி, திருகுகிற குமிழ்.

அம்மாவின் நோட்டில் 180 டிகிரி என்று இருந்தது. குமிழிலோ 200 முதல் 500 வரை எண்கள். வானிலையைச் செல்சியஸில் சொல்லும் இந்த நாட்டில், வீட்டு ஓவன்கள் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில்தான் இருக்கின்றன. 180 செல்சியஸ் என்றால் ஏறக்குறைய 350 ஃபாரன்ஹீட். குமிழை அங்கே வைத்து, 8 அங்குல டின்னில் பட்டர் கேக்கை வைத்தேன். நோட்டுப்படி முக்கால் மணி நேரம் ஆக வேண்டும். அரை மணியிலேயே மேல்புறம் கறுத்து, நடுவில் குன்றுபோல் எழும்பி வெடித்துவிட்டது. ஈர்க்குச்சியால் குத்தினால் உள்ளே பச்சை மாவு. பின்பக்க இடது ஓரம் மட்டும் கரியாகவே போயிருந்தது.

அடுத்த வாரம் அதே சூட்டில் சீக்கிரமாக எடுத்துப் பார்த்தேன். மேல்புறம் பரவாயில்லை, ஆனால் ஆறும்போது நடுப்பகுதி பள்ளமாக உட்கார்ந்துவிட்டது. சூடு அதிகமாக இருக்கும்போது நேரத்தைக் குறைப்பது தீர்வாகாது. ஓரம் வெந்து இறுகும் வேகத்துக்கு நடுப்பகுதியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. சூட்டைக் குறைத்தால்தான் இரண்டும் சேர்ந்து வேகும்.

இதைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்மஸுக்கு இருபது கேக் சுடுகிறவர். வெடித்த கேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, சுத்திவர ஒரே மாதிரிக் கறுத்து ஊதி வெடிச்சா சூடு கூட. ஒரு பக்கம் மட்டும் கறுத்தா சூடு சமனில்லை. உங்கட போறணைக்கு ரெண்டு வருத்தமும் இருக்கு. ஒரே மருந்து குடுக்க ஏலாது."

முதலில் சூட்டை அளந்தோம். ஓவனுக்குள் வைக்கிற சிறிய வெப்பமானி ஒன்று வாங்கி, நடுத்தட்டின் மத்தியில், கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே படிக்கும்படி வைத்தேன். திறந்தால் சூடு சட்டென்று இறங்கி, தப்பான எண் காட்டும். குமிழை 350-இல் வைத்ததும் எட்டு நிமிடத்தில் 'பீப்' அடித்தது. அதை நம்ப வேண்டாம் என்றார் அக்கா. அப்போது காற்றுதான் சூடேறியிருக்கும், சுவரும் தட்டும் இன்னும் ஏறியிருக்காது. பல மின்சார ஓவன்களில் சூடேறும் நேரத்தில் மேல் கம்பியும் சேர்ந்து எரியும். ஒலி கேட்டவுடனே கேக்கை உள்ளே தள்ளினால் தலை கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே ஒலிக்குப் பிறகு இருபது நிமிடம் காத்திருந்து, அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டேன். 365, 395, 410, 380, 360, 390.

இத்தனை ஏற்ற இறக்கத்தைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். ஆனால் வீட்டு ஓவனின் இயல்பே அதுதான். கம்பி முழு வேகத்தில் எரியும், அணையும், சூடு கொஞ்சம் இறங்கியதும் மறுபடி எரியும். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் நடுப்புள்ளியைப் பிடிக்க வேண்டும். 360-க்கும் 410-க்கும் நடுவே 385. ஆக, என் ஓவன் 35 டிகிரி அதிகமாகச் சுடுகிறது.

வெப்பமானியே தப்பாக இருந்தால்? அதற்குச் சர்க்கரை இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய 366 ஃபாரன்ஹீட்டில் உருகும். அலுமினியத் தாளை மடித்து ஒரு ஸ்பூன் சர்க்கரை வைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் கால் மணி நேரம் விட்டேன். உண்மையான 350-ஆக இருந்தால் அது மணல் மணலாக அப்படியே இருந்திருக்க வேண்டும். என்னுடையது உருகிப் பாகாகிக் கிடந்தது. குமிழை 315-க்கு இறக்கி, ஓவன் அந்தச் சூட்டுக்கு இறங்கும்வரை பொறுத்து மறுபடி வைத்தேன். சர்க்கரை உருகவில்லை. அன்றிலிருந்து என் வீட்டில் 315 என்றால் 350. அதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். எண் திரையுள்ள ஓவன்களில் பலவற்றில் இந்த வித்தியாசத்தை உள்ளேயே பதிந்துவிடலாம், வழி அதன் கையேட்டில் இருக்கும். வாடகை வீட்டில் தாளே போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது சமனில்லாத சூடு. ரொட்டித் துண்டுகளை நடுத்தட்டின் கம்பிமேல் இடைவெளி விடாமல் பரப்பி, நிறம் பிடிக்கும்வரை சில நிமிடம் விட்டோம். எடுத்த இடம் மாறாமல் மேசையில் அடுக்கினால், ஓவனின் வரைபடமே கண்முன் வந்துவிட்டது. பின்பக்க இடது மூலைத் துண்டு காப்பி நிறம், நடுவில் பொன்னிறம், கதவோரம் இருந்தவை வெளுப்பு. கதவின் ஓரத்தில் கையை அருகே கொண்டுபோனால் ஒரு இடத்தில் வெந்நீர் ஆவிபோல் அனல் வந்தது. சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை அங்கே தேய்ந்திருந்தது. கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார். முன்பக்க வெளுப்பு பெருமளவு போனது, பின்மூலை மட்டும் மாறவில்லை.

அந்த மூலையோடு ஒத்துப்போகத்தான் வேண்டும். டின்னைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, கேக்கின் நடு உயரம் ஓவனின் நடுவுக்கு வருமாறு தட்டை வைக்கிறேன். இடையில் ஒருமுறை டின்னை அரைவட்டம் திருப்ப வேண்டும், ஆனால் எப்போது என்பதுதான் விஷயம். நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆவதற்கு முன் கதவைத் திறந்தால், இறுகாத மாவு உட்கார்ந்துவிடும். பிஸ்கட் என்றால் பாதி நேரத்திலேயே திருப்பலாம், அதற்கு அந்தப் பயமில்லை. கறுப்பு டின்னையும் விட்டுவிட்டேன். அது சூட்டை அதிகம் உறிஞ்சி ஓரத்தைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். வேறு டின் இல்லையென்றால் இன்னும் 25 டிகிரி குறைக்க வேண்டும்.

மூன்றாவது கேக்: அதே மாவு, அதே அளவு, வெளிர் அலுமினிய டின், குமிழ் 315-இல். 32-ஆவது நிமிடம் மேல்புறம் அசையாமல் நின்றதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, சட்டென்று திறந்து திருப்பி மூடினேன். நாற்பதில் குச்சியில் ஈரம் ஒட்டியது. 48-இல் சுத்தமாக வந்தது. மேல்புறம் கிட்டத்தட்ட சமதளம், வெடிப்பு இல்லை, இடது ஓரம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பழுப்பு.

முதல் துண்டை அக்காவிடம் கொண்டுபோனேன். வெட்டிய முகத்தைத்தான் முதலில் பார்த்தார், ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறம். "இப்ப நத்தார் கேக்கைத் தொடங்கலாம்," என்றார். "அதுக்குச் சூடு 300 தான். உம்மட குமிழிலை எவ்வளவு எண்டு நீரே சொல்லும்."

265 என்றேன்.