பூச்சி என்றால் பூச்சி இல்லை

மொழித் தேர்வு எழுதும் டாக்டர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்வில் தேறினால் உங்களுக்கு அரசாணையை மொழிபெயர்க்கத் தெரியும். நோயாளி சொல்வது புரியும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் குடற்பூச்சி மாத்திரை கொடுத்தேன்.

நான் தில்லியில் வளர்ந்தவள். வீட்டில் பேசிய தமிழ் சாப்பாட்டுக்கும் திட்டுக்கும் போதுமானதாக இருந்தது. பள்ளியில் தமிழ் படிக்காததால், வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் இரண்டாம் நிலை மொழித் தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். எழுத்துத் தேர்வில் சிக்கல் இல்லை. வாய்மொழித் தேர்வுக்குச் சென்னை போனபோது என் பெயரின் தலைப்பெழுத்து ஒரு தாளில் முன்னாலும் இன்னொரு தாளில் பின்னாலும் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மலையிலிருந்து இறங்கிப் போய்வர இரண்டு நாள் வீண். தலைப்பெழுத்தை எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

வலிக்கான சொற்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தேன். முதல் மாதம் எல்லாமே எனக்கு ‘வலி’தான். பிறகுதான் காது திறந்தது. கால் குடைகிறது என்பவரும் கால் எரிகிறது என்பவரும் ஒரே நோய்க்காரர்கள் அல்லர். வயல்வேலை முடித்து வந்தவருக்குக் கால் குடையும், கை உளையும். எரிகிறது, மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கடுப்பு என்றால் அது எந்த இடத்துக் கடுப்பு என்று கேட்க வேண்டும். நீர்க்கடுப்பும் வயிற்றுக் கடுப்பும் வேறு வேறு மருந்துக்குப் போகும். வலிப்பு என்பது கொஞ்சம் பெரிய வலி என்று நான் நினைத்திருந்த நாட்களைப் பற்றி எங்கள் சிஸ்டர் இன்னும் சிரிக்கிறார்.

பயத்துக்கு நோட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. ஆண்கள் ‘ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்பார்கள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வியர்த்துப்போய் வந்து, வாயுதான், ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொன்னால், ஜீரண மருந்தைத் தேடாமல் ஈசிஜி எடுங்கள். அந்த ‘ஒரு மாதிரி’தான் பயம்.

அந்த விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தாயும் மகனும் வந்தார்கள். பையனுக்கு வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. அம்மா குரலைத் தாழ்த்தி, “ராத்திரி பூச்சி பட்டிருக்குமோ என்று இருக்கிறது, டாக்டரம்மா” என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வயிறு, வலி, பூச்சி. மூன்றும் தெரிந்த சொற்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒன்றை மென்று விழுங்க வைத்தேன். இனிமேல் கை கழுவிச் சாப்பிட வேண்டும் என்று அறிவுரை வேறு. பையன் கண்ணைப் பாதி மூடியே உட்கார்ந்திருந்தான். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் வாசல்படியில் இறங்கும்போது சிஸ்டர் குடியிருப்பிலிருந்து வந்துகொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிஸ்டர் நேராக என்னிடம் வந்து, “குடற்பூச்சிக்கு யாராவது இப்படி அழுவார்களா, டாக்டர்?” என்று கேட்டார். திரும்பி அவளிடம், “தரையிலா படுத்திருந்தான்?” என்றார். ஆமாம், பாயில்.

இரவில் இங்கே யாரும் பாம்பு என்று சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடும். அதனால் அது பூச்சி. கடித்தது என்றும் சொல்வதில்லை, பட்டது அல்லது தொட்டது என்பார்கள். அவள் தன் பயத்தை முழுதாக என்னிடம் சொல்லிவிட்டாள். நான்தான் அதற்கு மாத்திரை எழுதினேன்.

புத்தகத்தில் படித்ததுதான் எல்லாம். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், தரையில் தூங்குபவரைக் கடிக்கும், பல் பட்ட இடம் வீங்காது, பல நேரம் தடமே தெரியாது. விடியும்போது வயிற்று வலியும் வாந்தியும். பிறகு இமை இறங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். பையனை உட்கார வைத்து உத்தரத்தையே பார்க்கச் சொன்னேன். சில நொடிகளில் இரண்டு இமையும் மெல்லச் சரிந்தன. அதைத்தான் தூக்கம் என்றிருந்தேன். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னேன். பதினெட்டில் நின்றான். உடம்பெல்லாம் தேடியதில் காது மடலுக்குப் பின்னால் கொசு குத்தியதுபோல் இரண்டு புள்ளி.

கண்ணாடிக் குழாயில் எடுத்துவைத்த இரத்தம் இருபது நிமிடத்தில் ஒழுங்காக உறைந்தது. இதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம்தான் இரத்தத்தை உறையவிடாது. கட்டுவிரியன் விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் பிடிக்கும். குழாய் உறையும் வரை நாங்கள் காத்திருக்கவும் இல்லை. இமை இறங்கிவிட்டால் காத்திருக்க ஒன்றுமில்லை.

விஷமுறிவு மருந்து பத்து குப்பி. சின்னப் பையன்தானே என்று குறைத்துவிடாதீர்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, அதனால் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. குப்பிக்குள் இருப்பது பொடி. பத்து மில்லி நீர் விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். அவசரத்தில் நான் முதல் குப்பியைக் குலுக்கினேன். சிஸ்டர் பேசாமல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சப்பாத்தி மாவு உருட்டுவதுபோல் உருட்டிக் காட்டினார். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருந்தது. நல்லவேளை, தேவைப்படவில்லை.

மருந்து சொட்டச் சொட்ட மறுபடி எண்ணச் சொன்னேன். பதினொன்று. கட்டுவிரியனில் இதுதான் கொடுமை: நரம்பில் ஏற்கனவே ஒட்டிக்கொண்ட விஷத்தை மருந்தால் பிரிக்க முடியாது. நரம்பு தானாகத் தேறும் வரை மூச்சை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் வென்டிலேட்டர் இல்லை. 108 வந்ததும் நானும் ஏறிக்கொண்டேன். மலைப்பாதையில் பாதி தூரம் இறங்கியபோது அவன் ஏழுக்கு மேல் போகவில்லை. அப்புறம் எண்ணவே முடியவில்லை. கையால் அமுக்கும் மூச்சுப் பையை முகத்தில் வைத்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முழங்காலை முட்டுக்கொடுத்து, கீழே அரசு மருத்துவமனை வரும் வரை அமுக்கினேன். அம்மா எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தான். ஒன்பதாம் நாள் மலைக்குத் திரும்பி வந்து, என்னிடம் ஒரே மூச்சில் முப்பத்திரண்டு வரை எண்ணிக் காட்டினான். பட்டப்பகல் என்பதால் அம்மா தைரியமாகவே சொன்னாள்: “கட்டுவிரியன்தான். மறுநாள் கூரை இடுக்கில் அடித்தார்கள்.”

மொழித் தேர்விலும் பிறகு தேறிவிட்டேன், தலைப்பெழுத்தைத் திருத்திக்கொண்டு.

போன மாதம் நள்ளிரவில் ஒரு பெண் கணவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பூச்சி பட்டுவிட்டது என்றாள். இப்போது நானும் இரவில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

“காலுள்ள பூச்சியா, காலில்லாத பூச்சியா?”

“காலில்லாதது, டாக்டரம்மா.”

நான் திரும்புவதற்குள் சிஸ்டர் முதல் குப்பியை உருட்டத் தொடங்கியிருந்தார்.